திரும்பி வந்த சேலை... போக வர கட்டணம் யார் தலையில்?

சாயங்காலம் நாலரை மணி. சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் ஒரு தறிக்கூடத்தின் மாடி அறை. கீழே வண்டியை நிறுத்திய கூரியர் தம்பி மேலே பார்த்துக் குரல் கொடுக்கிறார்.

“அக்கா, இன்னைக்கு எடுக்கிறது ஆறு. கொடுக்கிறது ஒன்பது!”

மாடியிலிருந்து பதில் வரவில்லை. அந்த ஒன்பதும் ‘அக்கா’ ஏற்கெனவே அனுப்பிய சேலைகள். போன வேகத்தில் இல்லாவிட்டாலும், போன உருவத்திலேயே திரும்பி வந்திருக்கின்றன. வாடிக்கையாளர்கள் முதல் கூரியர் தம்பி வரை எல்லோருக்கும் அவர் அக்காதான். பக்கத்துத் தறிகளில் சாஃப்ட் சில்க் சேலை வாங்கி, இன்ஸ்டாகிராமில் படம் போட்டு, சொந்தமாக ஒரு சின்ன இணையக் கடையும் வைத்து விற்கிறார்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் இப்படித் திரும்பும் பார்சலை ‘ஆர்.டி.ஓ.’ என்பார்கள். லைசென்ஸ் எடுக்கும் ஆர்.டி.ஓ. இல்லை. புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் பார்சல் என்பதன் சுருக்கம். வாடிக்கையாளர் சேலையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்புவது வேறு கணக்கு. இது, அவர் கைக்கே போகாமல் திரும்பி வருவது.

பிரச்னை புதிதல்ல. வீட்டு வாசலில் காசு வாங்கிக்கொண்டு பார்சல் கொடுக்கும் வி.பி.பி. முறையை நம் தபால் துறை 1877-லேயே கொண்டு வந்துவிட்டது. வாங்க ஆள் இல்லையென்றால் அன்றும் பார்சல் திரும்பத்தான் செய்தது. இன்று அதே முறைக்கு ‘கேஷ் ஆன் டெலிவரி’ என்று பெயர். ஒரு பொத்தானைத் தட்டினால் ஆர்டர். காசு அப்புறம். மனசு மாறினால் “வேண்டாம்” என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான்!

85,000 ரூபாய் விற்பனை... கையில் நஷ்டம்!

ஆடி மாதத்தில் அக்கா 100 பார்சல் அனுப்பினார். எல்லாமே கேஷ் ஆன் டெலிவரி. சேலை ஒன்று 850 ரூபாய், டெலிவரி இலவசம். கடையின் திரையில் ‘மொத்த விற்பனை 85,000’ என்று பச்சை நிறத்தில் மின்னியது. ஆனால் மாதக் கடைசியில் தறிக்காரருக்குக் கொடுக்கப் பணம் குறைந்தது. எங்கே போனது என்று தெரியாமல், ஒரு நாள் ராத்திரி நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முதலில், ஒழுங்காகப் போய்ச் சேர்ந்த ஒரு சேலையின் கணக்கு. தறியில் வாங்கிய விலை 600. கவர், லேபிள், டேப் 15. போகும் கூரியர் கட்டணம் வரியோடு 80. வாசலில் காசு வசூலித்துத் தருவதற்குக் கூரியர் எடுக்கும் தனிக் கட்டணம் 35. அந்த ஆர்டர் வருவதற்குச் செய்த விளம்பரச் செலவு 60. எல்லாம் சேர்த்தால் 790. 850-ல் இது போக மிச்சம் 60 ரூபாய்.

அடுத்து, திரும்பி வந்த ஒரு சேலையின் கணக்கு. சேலை பத்திரமாகக் கையில் இருக்கிறது, ஆகவே 600 ரூபாய் போகவில்லை. காசே வசூலாகாததால், பெரும்பாலும் அந்த 35 ரூபாயைக் கழித்துவிடுவார்கள். ஆனால் போன கட்டணம் 80 போனதுதான். திரும்பி வந்த கட்டணம் 75, அதுவும் விற்பவர் தலையில்தான். கவர் 15, விளம்பரம் 60. கசங்கிய சேலையை இஸ்திரி போட்டு, மறுபடி மடித்து, புதுக் கவரில் போட 20. மொத்தம் 250 ரூபாய்.

இந்த இடத்தில்தான் அக்காவுக்கு விஷயம் உறைத்தது. ஒரு சேலை விற்றால் 60 லாபம். ஒரு சேலை திரும்பினால் 250 நஷ்டம். அதாவது, திரும்பும் ஒரு பார்சல், விற்ற நாலு சேலைகளின் லாபத்தைத் தின்றுவிடுகிறது.

அந்த மாதம் 100-ல் 26 திரும்பியிருந்தன. விற்ற 74 சேலைகளில் லாபம் 4,440. திரும்பிய 26-ல் நஷ்டம் 6,500. ஆக, ஒரு மாதம் ராத்திரி பகலாகச் சேலை மடித்ததற்கு அக்கா கையிலிருந்து போட்டது 2,060 ரூபாய்!

எத்தனை திரும்பினால் தாங்கும் என்பதையும் அதே நோட்டில் பார்க்கலாம். 19 திரும்பினால் 81 சேலைகளின் லாபம் 4,860, நஷ்டம் 4,750. மிச்சம் 110 ரூபாய். 20 திரும்பினால் நஷ்டம் தொடங்கிவிடும். அக்காவின் எல்லைக்கோடு, நூற்றுக்கு 19. உங்கள் பொருளின் விலையும் கூரியர் கட்டணமும் வேறாக இருக்கும், எனவே கோடும் வேறு இடத்தில் விழும். போட்டுப் பார்க்கும் முறை மட்டும் இதுதான். விற்றால் வரும் லாபம், திரும்பினால் போகும் காசு, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

இந்த நஷ்டம் உடனே கண்ணில் படாததற்கும் காரணம் இருக்கிறது. கூரியர் கணக்கில் முன்கூட்டியே போட்டு வைத்த பணத்திலிருந்து இரண்டு பக்கக் கட்டணமும் சத்தமில்லாமல் கழிந்துவிடும். யாரும் வந்து “எண்பது ரூபாய் கொடுங்க” என்று கேட்பதில்லை.

பெட்டிக்கும் இரண்டு தடவை காசு

ஆரம்பத்தில் அக்கா சேலையை அழகான அட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினார். பெட்டியின் நீளம் 30 செ.மீ., அகலம் 25, உயரம் 10. சேலையின் எடை அரைக் கிலோகூட இல்லை. ஆனால் கூரியர்காரர்கள் தராசை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று அளவையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதையும் எடையாகக் கொள்வார்கள். இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். இந்தப் பெட்டிக்கு அது ஒன்றரைக் கிலோ! ஒவ்வொரு கூடுதல் அரைக் கிலோவுக்கும் 45 ரூபாய் என்று சேர்ந்து, 80 ரூபாயில் போக வேண்டியது 170 ரூபாயில் போனது. திரும்பும்போதும் அதே எடைக்குத்தான் கட்டணம்.

இப்போது 30-க்கு 24 செ.மீ. அளவில், 3 செ.மீ. தடிமனில் தட்டையான கூரியர் கவர். கணக்குப்படி 432 கிராம்தான். சேலை, ஜாக்கெட் பிட், கவர் எல்லாம் சேர்ந்து தராசில் 470 கிராம். அரைக் கிலோவுக்குள் அடங்கிவிட்டது. ஒவ்வொரு வகைப் பார்சலையும் தராசில் வைத்து ஒரு படம், டேப்பால் அளந்து ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறார். கூரியர் தரப்பில் எடையைக் கூட்டிப் போட்டால், ஆட்சேபம் சொல்லச் சில நாள்கள்தான் அவகாசம். அப்போது அந்தப் படம் கைகொடுக்கிறது.

“நான் வீட்லதானே இருந்தேன்?”

அடுத்த வேலை, திரும்பிய 26-க்கும் காரணம் தேடியது. பார்சல் டெலிவரி ஆகாத அன்றே கூரியர் பக்கத்தில் ஒரு குறிப்பு ஏறும். வீடு பூட்டியிருந்தது, போன் எடுக்கவில்லை, முகவரி முழுமையாக இல்லை, வாங்க மறுத்தார் என்று ஏதாவது ஒன்று. அக்கா அதை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. இப்போது பிரித்து எழுதினார். வாங்க மறுத்தவர்கள் 11 பேர். ஆள் இல்லை, போன் எடுக்கவில்லை என்று 8. முகவரி குழப்பம் 5. விசேஷம் முடிந்த பிறகு தாமதமாகப் போனதால் திரும்பியது 2.

அந்த எட்டுப் பேரையும் போனில் கூப்பிட்டார். மதுரைக்காரப் பெண்மணி ஒருவர், “என்னம்மா சொல்றீங்க? அன்னைக்குப் பூரா நான் வீட்லதானே இருந்தேன். ஒரு போன்கூட வரலையே!” என்றார். டெலிவரி செய்பவர் அந்தத் தெருவுக்கே வராமல் ‘ஆள் இல்லை’ என்று பதிந்துவிட்டுப் போயிருக்கிறார். ஒரே நாளில் நூறு பார்சல் சுமக்கிறவருக்குக் கடைசிப் பத்துத் தெருக்கள் எட்டாமல் போவது உண்டு.

இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. குறிப்பு பதிவான நேரத்தைப் பாருங்கள். ராத்திரி ஒன்பதை நெருங்கும்போது பதிவாகியிருந்தால் சந்தேகப்படலாம். ஒரே ஊரில் உங்களுடைய மூன்று பார்சல்களுக்கு ஒரே நிமிடத்தில் ஒரே காரணம் பதிவாகியிருந்தால் இன்னும் சந்தேகப்படலாம். உடனே வாடிக்கையாளரிடம் கேட்டு, ‘எனக்குப் போன் வரவில்லை, எனக்குப் பார்சல் வேண்டும்’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி வாங்கிக்கொள்ள வேண்டும். அதை வைத்து மறுபடி கொண்டுபோகச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு மேலும் திருப்பிவிட்டால், திரும்பும் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யப் புகார் போடலாம். ஆதாரம் இல்லாமல் போடும் புகார் பெரும்பாலும் நிற்பதில்லை.

இதில் நேரம்தான் முக்கியம். வழக்கமாக மூன்று முறை வரை கொண்டுபோவார்கள். முதல் முறை தவறியதும் விற்பவர் பதில் சொல்லாவிட்டால், பார்சல் தானாகவே திரும்பும் பாதையில் ஏறிவிடும். அதன் பிறகு நிறுத்துவது கஷ்டம். இப்போது தினமும் காலை பத்து மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்ப்பதுதான் அக்காவின் முதல் வேலை.

வரவில்லை என்றால் இருப்பில் இல்லை

போன தீபாவளிக்கு நடந்த கதை இது. மாம்பழ மஞ்சள் உடல், அரக்கு பார்டர். ஒரே ஒரு சேலை. பண்டிகைக்கு 22 நாள் முன்பு பீகாருக்குப் போனது. போய்ச் சேர ஐந்து நாள், மூன்று முறை அலைச்சலுக்கு மூன்று நாள். திரையில் ‘RTO Initiated’ என்று வந்ததும் அக்கா கடையின் இருப்பில் அந்தச் சேலையை மறுபடி ஏற்றிவிட்டார். கோவைப் பெண் ஒருவர் முழுப் பணத்தையும் கட்டி வாங்கிவிட்டார், தீபாவளிக்குக் கட்ட.

சேலை வரவில்லை. வழியில் ஏதோ ஒரு கிடங்கில் தங்கித் தங்கி, தீபாவளிக்கு மூன்று நாள் முன்புதான் இளம்பிள்ளை வந்தது. அதற்குள் கோவைப் பெண் பொறுமை இழந்து பணத்தைத் திரும்பக் கேட்டுவிட்டார். ஒரு பைசா வராமல் ஒரு சேலை 19 நாள் ஊர் சுற்றியது ஒரு நஷ்டம். பணம் கட்டத் தயாராக இருந்த வாடிக்கையாளர் போனது இன்னொன்று.

அன்றிலிருந்து ஒரு விதி. திரையில் என்ன சொன்னாலும் சரி, சேலை கைக்கு வந்து, பிரித்துப் பார்த்து, அலமாரியில் வைத்த பிறகுதான் இருப்பில் எண் ஏறும்.

பிரிப்பதற்கும் ஒரு முறை இருக்கிறது. திரும்பிய கவர் ஒன்று கையில் வாங்கும்போதே லேசாக இருந்தது. உள்ளே யாரோ கட்டிப் பழசான நைலான் சேலை. மேலே அக்காவின் கவர்தான், டேப் மட்டும் வேறு நிறம். புகார் போட்டார். “பிரிக்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா?” என்று கேட்டார்கள். இல்லை. புகார் தள்ளுபடி. அந்த ஒரு கவரில் மட்டும் 600 ரூபாய் சேலையும் சேர்த்து 830 ரூபாய் போனது.

இப்போது கூரியர் தம்பி நிற்கும்போதே கவரைத் தராசில் வைக்கிறார். 470 கிராம் போனது 470-ஐ ஒட்டியே வர வேண்டும். எடை குறைந்தாலோ டேப் மாறியிருந்தாலோ வாங்கிய ரசீதிலேயே அதைக் குறித்துவிட்டுத்தான் கையெழுத்து. பிறகு ஒரே ஓட்டமாக வீடியோ. ஒட்டிய கவர், லேபிளில் உள்ள எண், வெட்டுவது, உள்ளே இருப்பதை விரிப்பது, எல்லாம் இடையில் நிறுத்தாமல்.

“ரெண்டு நிமிஷம் நிக்கணும், தம்பி” என்றால், “நில்லுக்கா, எனக்கும் அதுதான் நல்லது” என்கிறார் அவர். இடையில் மாறிய பொருளுக்குப் பழி முதலில் தன் மேல்தான் வரும் என்பது அவருக்குத் தெரியும்.

விரித்த சேலையில் முந்தி, பார்டர், ஜாக்கெட் பிட் மூன்றையும் பார்க்கிறார். கவரே பிரிபடாதது அப்படியே அலமாரிக்கு. கசங்கியது இஸ்திரிக்கு. இழை இழுத்தது, ஈரக்கறை பட்டது தனி மூட்டைக்கு. அந்த மூட்டை மாதம் ஒரு முறை, குறையைப் படம் எடுத்துக் காட்டி, குறைந்த விலைக்குப் போகிறது. குறையுள்ளதைப் புதுச் சேலையோடு கலந்தால், அது இரண்டாம் முறையும் திரும்பும். அப்போது தவறு விற்றவருடையது.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்களுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பில் போட்டு அனுப்பிய சேலை திரும்பினால், அந்த பில்லுக்கு ‘கிரெடிட் நோட்’ போட வேண்டும். போடாவிட்டால், நடக்காத விற்பனைக்கு வரி கட்டியதாக ஆகும்.

அப்படியானால் யார் கட்டுவது?

சொந்தக் கடையிலிருந்து கூரியரில் அனுப்பினால், கைக்குப் போகாமல் திரும்பும் பார்சலுக்கு இரண்டு பக்கக் கட்டணமும் விற்பவருடையதுதான். பெரிய சந்தைத் தளங்களில் விற்றால் தளத்துக்குத் தளம் விதி மாறும். சில இடங்களில் கைக்குப் போகாமல் திரும்பியதற்குக் கட்டணம் இல்லை. வாடிக்கையாளர் வாங்கிப் பார்த்துத் திருப்பினால் உண்டு. அதனால், மாதக் கணக்கில் இந்த இரண்டையும் வேறு வேறு வரியாகப் பார்க்க வேண்டும்.

பொருள் மாறிப்போனாலோ, பழுதாக இருந்தாலோ, படத்தில் காட்டியதுபோல இல்லாவிட்டாலோ, சொன்ன தேதிக்குப் பிறகு போனாலோ, திருப்பி வாங்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல முடியாது. 2020-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. அங்கே செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டுவது நியாயமும் இல்லை. மனசு மாறித் திருப்புவது வேறு. அதற்குக் கட்டணம் யாருடையது என்பதை ஆர்டர் போடும் முன்பே அவர் கண்ணில் படும்படி எழுதியிருக்க வேண்டும்.

அக்கா செய்தது இதைத்தான். கேஷ் ஆன் டெலிவரி வேண்டும் என்பவர்கள் முதலில் 100 ரூபாய் கட்ட வேண்டும். மிச்சம் 750-ஐ வாசலில் கொடுத்தால் போதும். ஆர்டர் போடும் பக்கத்திலும் வாட்ஸ்அப்பிலும் தமிழில் எழுதியிருக்கிறார். ‘பார்சல் கிளம்பும் முன் ரத்து செய்தால் 100 ரூபாயும் திரும்பும். எங்கள் தவறு, தாமதம் என்றாலும் திரும்பும். வாசலில் வந்த பிறகு வேண்டாம் என்றால், இந்த 100 போக்குவரத்துச் செலவில் கழியும்.’ கூடவே ஒரு கேள்வி, ‘வீட்டுக்குப் பக்கத்தில் கோயிலோ, கடையோ, பஸ் ஸ்டாப்போ என்ன இருக்கிறது?’ பதில் வந்த பிறகுதான் லேபிள் அச்சாகும்.

ஆர்டர் குறைந்தது உண்மை. அடுத்த மாதம் 100 இல்லை, 78 பார்சல்தான். இவற்றில் 30 பேர் முழுப் பணமும் முன்பே கட்டினார்கள். வசூல் கட்டணம் இல்லாததால், பணம் செலுத்தும் தளத்துக்கான 20 ரூபாய் போக, ஒரு சேலைக்கு 75 லாபம். இது 2,250. மீதி 48-ல் 39 போய்ச் சேர்ந்தன. 100 ரூபாயை ஆன்லைனில் வாங்கிய செலவு 2 ரூபாய் போக, ஒன்றுக்கு 58 வீதம் 2,262. திரும்பியவை 9. முன்பணம் கழிந்ததால் ஒன்றுக்கு நஷ்டம் 250 இல்லை, 152தான். இது 1,368. விளம்பரச் செலவை ஆர்டருக்கு அதே 60 என்று வைத்தால், மாதக் கடைசியில் மிச்சம் 3,144 ரூபாய். விற்பனை குறைந்த மாதத்தில் லாபம்!

100 ரூபாய் முன்பணத்தால் இரண்டு பக்கக் கட்டணமும் முழுசாக வந்துவிடுவதில்லை. 155 ரூபாயில் 100 வருகிறது, மீதி இன்னும் அக்காவுடையதுதான். ஆனால் வாங்கும் எண்ணம் இல்லாமல் பொத்தானைத் தட்டியவர்கள் அந்த இடத்திலேயே நின்றுவிட்டார்கள். முழுத் தொகையையும் முன்பே கேட்டால், புதுக் கடையை நம்பத் தயங்கும் நல்ல வாடிக்கையாளர்களும் போய்விடுவார்கள் என்று அக்கா அதை 100-லேயே நிறுத்தி வைத்திருக்கிறார்.

மறுபடியும் சாயங்காலம் நாலரை மணி. கீழே வண்டிச் சத்தம்.

“அக்கா, எடுக்கிறது நாலு. கொடுக்கிறது ஒண்ணு.”

தராசையும் போனையும் எடுத்துக்கொண்டு படியிறங்குகிறார் அக்கா.